போன் மாறினால் அலுவலகக் கணக்கு ஏன் பூட்டிக்கொள்கிறது?

புது போன் வாங்கியதும் எல்லாம் தானாக வந்து சேர்ந்துவிடும் என்று நாம் பழகிவிட்டோம். தொடர்பு எண்கள், படங்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எல்லாம் ஓரிரு மணி நேரத்தில் இடம் மாறிவிடுகின்றன. அலுவலகக் கணக்கு மட்டும் வருவதில்லை. மடிக்கணினியில் கடவுச்சொல்லைச் சரியாகத்தான் அடிக்கிறோம். "போனில் ஒப்புதல் கொடுங்கள்" என்கிறது திரை. புது போனில் எந்த ஒலியும் இல்லை. ஐ.டி. பிரிவை அழைத்தால் உடனே சரிசெய்வதற்குப் பதில் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்குக் காரணம் தெரிந்தால் பாதி எரிச்சல் குறையும். பதில்களைக் கையில் வைத்துக்கொண்டே அழைத்தால் வேலையும் சீக்கிரம் முடியும்.

இந்தியாவில் பல நிறுவனங்கள் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் ஏற்பாட்டையே இங்கே எடுத்துக்கொள்வோம். கணக்குகளை நிர்வகிக்கும் அதன் சேவைக்கு இப்போது என்ட்ரா ஐ.டி. என்று பெயர், 2023 வரை அஸூர் ஆக்டிவ் டைரக்டரி என்று அழைத்தார்கள். போனில் இருக்கும் செயலி மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டர். ஆக்டா, டுவோ போன்ற வேறு சேவைகளிலும் பொத்தான்களின் பெயர்தான் மாறும், அடிப்படை ஒன்றே.

உடைந்தது எது?

"சிங்கிள் சைன்-ஆன் வேலை செய்யவில்லை" என்றுதான் பெரும்பாலானோர் புகார் சொல்கிறார்கள். ஒருமுறை உள்நுழைந்தால் மின்னஞ்சல், சம்பள மென்பொருள், விடுப்பு விண்ணப்பம் எல்லாவற்றையும் திறந்துவிடும் ஏற்பாடு அது. பொருட்காட்சி வாசலில் டிக்கெட்டைச் சரிபார்த்துக் கையில் ஒரு நாடா கட்டிவிடுகிறார்கள் அல்லவா, பிறகு உள்ளே ஒவ்வொரு அரங்கிலும் நாடாவைக் காட்டினால் போதும். வாசலில் நடப்பது உள்நுழைவு. கையில் கட்டிய நாடாதான் உங்கள் கணினியில் தங்கிவிடும் அனுமதிச்சீட்டு, டோக்கன் என்பார்கள்.

போன் மாறும்போது நாடாவுக்கு ஒன்றும் ஆவதில்லை. வாசலில் காட்ட வேண்டிய இரண்டாவது சான்றுதான் காணாமல் போகிறது. அதனால்தான் பல நேரங்களில் போன் மாற்றிய அன்றே சிக்கல் தெரிவதில்லை. மைக்ரோசாஃப்ட் கொடுக்கும் அனுமதிச்சீட்டு, தொடர்ந்து பயன்படுத்தி வந்தால் 90 நாள் கெடு நீண்டுகொண்டே போகும்படி அமைந்தது. நிறுவனம் தன் விதியால் இதைக் குறைத்திருக்கலாம். கடவுச்சொல்லை மாற்றும்போது, புதுக் கணினியில் நுழையும்போது, சம்பளம், வங்கி போன்ற மென்பொருளைத் திறக்கும்போது மறுபடி வாசலுக்குப் போகச் சொல்லும். அப்போதுதான் சிக்கல் வெளியே வரும். போன் மாறி ஒரு வாரம் ஆகியிருப்பதால் இரண்டுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது.

சாவி ஏன் கூடவே வரவில்லை?

ஆத்தென்டிகேட்டர் செயலியில் அலுவலகக் கணக்கைச் சேர்க்கும்போது, அந்தக் குறிப்பிட்ட போனுக்கென்று ஒரு ரகசியச் சாவி பதிவாகிறது. ஒப்புதல் கேட்டு வரும் அறிவிப்பு உங்கள் தொலைபேசி எண்ணைத் தேடி வருவதில்லை; பதிவான அந்தக் கருவியைத் தேடித்தான் வருகிறது. சிம்மைக் கழற்றிப் புது போனில் போட்டாலும் அறிவிப்பு பழைய போனுக்கே போவதற்கு இதுதான் காரணம்.

"பேக்கப் எடுத்துத்தானே மாற்றினேன்" என்பார்கள். எடுத்திருக்கலாம். சொந்தக் கணக்குகளின் ஆறு இலக்க எண்கள் அதில் மீண்டு வரவும் செய்யும். ஆனால் அலுவலகக் கணக்கைப் பொறுத்தவரை பேக்கப்பில் மீள்வது பெயர் மட்டுமே. செயலியைத் திறந்தால் நிறுவனத்தின் பெயரும் உங்கள் முகவரியும் இருக்கும். தொட்டால் மறுபடி உள்நுழையவோ, நிறுவனம் தரும் கியூ.ஆர். குறியீட்டைப் படிக்கவோ சொல்லும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறினால் அந்தப் பேக்கப்கூடப் பொருந்தாது. இது குறைபாடு போலத் தெரியலாம். ஆனால் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பேக்கப்போடு சாவியும் வந்துவிடும் என்றால், உங்கள் சொந்த மேகச் சேமிப்பைத் திருடியவனுக்கு நிறுவனத்தின் கதவும் திறந்துவிடும்.

ஆகவே பழைய சாவியை இடம் மாற்ற வழியில்லை. புதிதாக ஒன்று பதிய வேண்டும். அப்படிப் பதிவதற்கும் முதலில் நீங்கள் நீங்கள்தான் என்று நிரூபித்தாக வேண்டும். நிரூபிக்கும் வழியோ பழைய போனோடு போய்விட்டது.

இங்கேதான் பலர் கவனிக்காத ஓர் எளிய வழி இருக்கிறது. பழைய போன் இன்னும் வீட்டில், அழிக்கப்படாமல் இருந்தால் அதில் சிம் தேவையில்லை. வைஃபையில் இணைத்தால் ஒப்புதல் அறிவிப்பு வரும். இணையமே இல்லாவிட்டாலும், செயலி காட்டும் ஆறு இலக்க எண் 30 விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டேயிருக்கும். போனின் கடிகாரம் சரியாக ஓடினால் அந்த எண் செல்லும். அதைக் கொண்டு உள்நுழைந்து, `aka.ms/mysecurityinfo` பக்கத்தில் "Add sign-in method" என்பதை அழுத்திப் புது போனைச் சேர்த்துவிடலாம். நிறுவனம் தடுத்து வைக்காத வரை ஐ.டி. பிரிவை அழைக்க வேண்டிய தேவையே இல்லை.

ஒரு வியாழக்கிழமைக் காலை

பழைய போன் கையில் இல்லாதபோது என்ன நடக்கும் என்று ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். கோவையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர். சனிக்கிழமை தன் ஆண்ட்ராய்டு போனைக் கடையில் மாற்றாகக் கொடுத்து ஐபோன் வாங்குகிறார். கடையிலேயே பழைய போனை முழுதாக அழித்துவிடுகிறார்கள். திங்கள் முதல் புதன் வரை மின்னஞ்சலும் டீம்ஸும் வழக்கம்போல ஓடுகின்றன. புதன் மாலை சிம்மை இ-சிம்மாக மாற்றிக்கொள்கிறார். வியாழன் காலை 10.12-க்குச் சம்பள மென்பொருளைத் திறக்கிறார். ஏழு நாளுக்கு ஒருமுறை முழு உள்நுழைவு கேட்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு, திரையில் இரண்டு இலக்க எண் ஒன்றைக் காட்டி, அதைப் போன் செயலியில் இடச் சொல்கிறது. போனில் எதுவும் வரவில்லை.

"I can't use my Microsoft Authenticator app right now" என்ற வரியை அழுத்துகிறார். எஸ்.எம்.எஸ். அனுப்பலாமா என்று கேட்கிறது. அழுத்தினால் அதுவும் வரவில்லை. இது ஐ.டி. பிரிவின் கோளாறு அல்ல. சிம் மாற்றியதும் முதல் 24 மணி நேரம் அந்த எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். போகவோ வரவோ கூடாது என்பது இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் விதி. பிறர் எண்ணைத் தங்கள் சிம்முக்கு மாற்றி ஓ.டி.பி. திருடும் மோசடியைத் தடுக்கவே அது வந்தது. மாலை வரை காத்திருந்தால் எஸ்.எம்.எஸ். வந்துவிடும், அதை வைத்தே அவர் உள்ளே போயிருக்கலாம். ஆனால் மாதக் கடைசி. சம்பளப் பட்டியல் பகலுக்குள் போக வேண்டும்.

உதவி மையத்தை அழைக்கிறார். அங்கே முதலில் கேட்ட கேள்வி அவருக்குப் புதிராக இருக்கிறது.

"மேடம், பழைய போன் இப்போ எங்க இருக்கு?"

"அதான் கடையில கொடுத்துட்டேனே."

"அழிச்சுட்டுக் கொடுத்தீங்களா, அப்படியேவா?"

"என் கண் முன்னாடியே அழிச்சாங்க. ஏன் சார், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. பழைய போன் அழிக்கப்பட்டிருந்தால் இது வெறும் மறுபதிவு. தொலைந்தோ திருடுபோயோ இருந்தால் பாதுகாப்புச் சம்பவமாகப் பதிவாகும். எல்லா அனுமதிச்சீட்டுகளையும் உடனே ரத்து செய்ய வேண்டும். அந்தப் போனில் இருந்த அலுவலகத் தரவைத் தொலைவிலிருந்தே அழிக்க ஆணை அனுப்ப வேண்டும். அன்றிலிருந்து நடந்த உள்நுழைவுகளைச் சலித்துப் பார்க்க வேண்டும். "எங்கேயோ இருக்கும்" என்ற பதிலையும் கவனமுள்ள பொறியாளர் தொலைந்தது என்றுதான் எழுதிக்கொள்வார்.

பதிவேட்டில் தேட ஒரு நேரம் வேண்டும்

அடுத்து அவர் கேட்பது பிழைத் திரையின் படம். "வரவில்லை", "திறக்கவில்லை" என்பதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. பிழைத் திரையில் "Correlation ID" என்று நீளமான ஓர் எண்ணும், "Timestamp" என்று ஒரு நேரமும் இருக்கும். இந்த இரண்டும் கிடைத்தால் ஆயிரக்கணக்கான உள்நுழைவுகளுக்கு நடுவே உங்களுடையதை உடனே எடுத்துவிடலாம். அந்த நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும்; நம் ஊர் 10.12 அங்கே 04:42 என்று தெரியும். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தை மறந்துவிட்டுத் தேடினால், நடக்காத நேரத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்தப் பதிவுகள் கட்டணத் திட்டத்தில் 30 நாளும் இலவசத் திட்டத்தில் 7 நாளும்தான் இருக்கும். ஒரு மாதம் பொறுத்துப் புகார் சொன்னால் பார்க்க எதுவும் மிஞ்சாது.

பிழை எண் மிகவும் முக்கியம். `AADSTS50126` என்றால் பயனர்பெயரோ கடவுச்சொல்லோ தவறு. போனை மறுபதிவு செய்து பயனில்லை. `AADSTS500121` என்றால் கடவுச்சொல் சரி, இரண்டாம் சரிபார்ப்பில் தோற்றது; போன் மாற்றிய பிறகு எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான். `AADSTS53000` என்றால் கதையே வேறு: நீங்கள் யார் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் கருவி நிறுவனத்தின் விதிகளுக்கு உட்படவில்லை. புது போனில் அலுவலக மின்னஞ்சலைத் திறக்கும்போது இது அடிக்கடி வரும். ஆத்தென்டிகேட்டரை எத்தனை முறை மறுபதிவு செய்தாலும் இது தீராது. கம்பெனி போர்ட்டல் செயலியில் அந்தப் போனையே நிறுவனத்தில் பதிய வேண்டும். போனின் மாதிரியையும் இயங்குதளப் பதிப்பையும் ஐ.டி. பிரிவு கேட்பது இதற்காகத்தான்.

கோவை ஊழியரின் பதிவில் கடவுச்சொல் சரி. போனுக்குப் போன கோரிக்கைக்குப் பதிலே வரவில்லை. காரணம் உறுதியாகிவிட்டது. இனி மறுபதிவுதான். ஆனால் அதற்கு முன்னால் இருக்கிறது கடினமான படி.

அழைப்பவர் அவர்தானா?

இரண்டாம் சரிபார்ப்பு எவ்வளவு வலுவாக இருந்தாலும், "போன் மாறிவிட்டது, மாற்றிக் கொடுங்கள்" என்ற ஒரே அழைப்பில் அதைக் கழற்றிவிட முடியும் என்றால் திருடனும் அந்த அழைப்பைத்தான் செய்வான். செய்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கிளோராக்ஸ் நிறுவனம் 2023 ஆகஸ்டில் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. தனக்கு உதவி மையச் சேவை தந்த காக்னிசன்ட் மீது 2025 ஜூலையில் கலிபோர்னியாவில் அது வழக்குத் தொடர்ந்தது. ஊழியர்போலப் பேசி அழைத்தவரிடம் அடையாளம் எதுவும் சரிபார்க்காமலே கடவுச்சொல்லையும் இரண்டாம் சரிபார்ப்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. இழப்பு சுமார் 38 கோடி டாலர் என்கிறது மனு. தங்களுக்குத் தரப்பட்டது குறுகிய உதவி மையப் பணி மட்டுமே, அதை முறையாகவே செய்தோம், இணையப் பாதுகாப்பு தங்கள் பொறுப்பில் இல்லை என்பது காக்னிசன்ட்டின் மறுப்பு.

வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் உதவி மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதில் பாடம் இருக்கிறது. ஊழியர் எண், பிறந்த தேதி, மேலாளர் பெயர் போன்றவற்றைச் சொன்னால் போதும் என்ற பழைய முறை இனி உதவாது. இவற்றில் பாதி லிங்க்ட்இன் பக்கத்திலேயே கிடைக்கும். மீதியைக் கசிந்த பழைய சம்பளச் சீட்டிலிருந்து எடுத்துவிடலாம்.

அழைப்பைத் துண்டித்துவிட்டு, மனிதவளப் பதிவில் இருக்கும் எண்ணுக்குத் திரும்ப அழைப்பது பரவலான வழக்கம். அழைத்தவர் தரும் எண்ணுக்கு ஒருபோதும் அழைக்கக் கூடாது. நம் எடுத்துக்காட்டில் அதுவும் போதவில்லை. இந்த எண்ணின் சிம் முந்தைய நாள் மாலைதான் மாறியிருக்கிறது. மாற்றியது ஊழியரா, அவர் எண்ணைக் கைப்பற்றிய வேறொருவரா? திரும்ப அழைத்தால் எடுத்துப் பேசுவது இருவரில் யாராகவும் இருக்கலாம். ஆகவே உதவி மையத்தவர் நிறுவனப் பட்டியலிலிருந்து மேலாளரின் எண்ணை எடுத்துத் தானே அவரை அழைக்கிறார். மூவரும் காணொலியில் சேர்கிறார்கள். ஊழியர் அடையாள அட்டையைக் காட்டுகிறார். தன்னிடம் தினமும் பேசுகிறவர் இவர்தான் என்று மேலாளர் உறுதி சொல்கிறார். அலுவலகத்துக்கு நேரில் போனாலும் இதே வேலைதான்.

விண்ணப்பம் பதிவதிலும் ஒரு முடிச்சு உண்டு. கோரிக்கை எழுதும் தளமே பல நிறுவனங்களில் இதே உள்நுழைவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. உள்ளே போக முடியாதவர் "உள்ளே போக முடியவில்லை" என்று எழுதவும் உள்ளே போக வேண்டும். மேலாளரோ சக ஊழியரோ உங்கள் சார்பில் எழுதலாம். உதவி மையத்தின் தொலைபேசி எண்ணை எங்காவது தாளில் குறித்து வைப்பதும் நல்லது.

மறுபதிவு நடக்கும் வரிசை

அடையாளம் உறுதியானதும் ஐ.டி. பிரிவு முதலில் பழைய போனின் பதிவை நீக்குகிறது. பின் "Revoke sessions" கொடுத்து வெளியே இருக்கும் அனுமதிச்சீட்டுகளை ரத்து செய்கிறது. கோவை ஊழியரிடம் அதுவரை ஓடிக்கொண்டிருந்த மின்னஞ்சலும் சற்று நேரத்தில் மறுபடி உள்நுழையச் சொல்லும், அது எதிர்பார்த்ததுதான். நீக்காமலே புதியதைச் சேர்த்தால் என்ன? சேர்க்கலாம், ஒரு கணக்கில் ஐந்து செயலிகள் வரை பதிய இடமுண்டு. ஆனால் யார் கைக்கோ போய்விட்ட போனின் பெயர் உங்கள் கணக்கில் நம்பகமான கருவியாகத் தொடரும்.

அடுத்து "Temporary Access Pass" என்ற தற்காலிகக் கடவுச்சீட்டு உருவாகிறது. நிறுவனம் வேறுவிதமாக அமைக்காவிட்டால் ஒரு மணி நேரம் செல்லும். ஒரே முறைதான் பயன்படும் என்றும் வைக்கலாம். காணொலியில் இருக்கும்போதே அதை வாசித்துக் காட்டுகிறார்கள். சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டால் மறுத்துவிடுவார்கள், மறுக்கத்தான் வேண்டும்.

ஊழியர் மடிக்கணினியில் உலாவியின் தனிச்சாளரத்தைத் திறக்கிறார். சாதாரணச் சாளரத்தில் பழைய உள்நுழைவின் மிச்சம் குறுக்கிடும். `aka.ms/mysecurityinfo` முகவரிக்குப் போய்க் கடவுச்சொல்லுக்குப் பதில் தற்காலிகச் சீட்டை இடுகிறார். "Add sign-in method" கொடுத்து ஆத்தென்டிகேட்டரைத் தேர்ந்தெடுத்து, திரையில் தோன்றும் கியூ.ஆர். குறியீட்டைப் புது போனின் செயலிக்குள்ளிருந்து படிக்கிறார். போனின் சாதாரணக் கேமராவில் படித்தால் வேலைக்கு ஆகாது. ஒருமுறைச் சீட்டில் நுழைந்தவர் இழுத்தடிக்காமல் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. சில நிறுவனங்கள் இந்தப் பதிவை அலுவலக வலையமைப்பிலிருந்தோ, நிறுவனம் தந்த கணினியிலிருந்தோ மட்டுமே அனுமதிக்கும். "இப்போது எங்கிருந்து, எந்தக் கணினியில்?" என்று ஐ.டி. பிரிவு முன்பே கேட்பது அதனால்தான்.

இந்தக் கியூ.ஆர். படத்தை "சரியாகத் தெரியவில்லை" என்று யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. ஆறு இலக்க எண் தரும் செயலிகளுக்கான குறியீட்டைப் பிரித்துப் பார்த்தால் இப்படி இருக்கும்:

```
otpauth://totp/Example:user@example.com?secret=JBSWY3DPEHPK3PXP&issuer=Example
```

`secret=` என்பதை அடுத்து வரும் எழுத்துகள்தான் ரகசியச் சாவி. படம் யாரிடம் இருக்கிறதோ அவரும் அதே எண்களை உருவாக்கலாம், அந்தப் பதிவு இருக்கும் வரைக்கும். அதேபோல மறுபதிவின் எந்தக் கட்டத்திலும் ஐ.டி. பிரிவுக்கு உங்கள் கடவுச்சொல்லோ, போனுக்கு வந்த ஓ.டி.பி.யோ தேவைப்படாது. கேட்பவர் ஐ.டி. பிரிவு என்று சொல்லிக்கொண்டாலும் அழைப்பை வைத்துவிடலாம்.

பதிவு முடிந்ததும் தனிச்சாளரத்தை மூடிப் புதிதாகத் திறந்து, கடவுச்சொல்லும் போன் ஒப்புதலுமாக ஒருமுறை முழுதாக உள்நுழைந்து பார்க்க வேண்டும். சம்பள மென்பொருள் திறந்த பிறகுதான் கோரிக்கையை மூடச் சொல்ல வேண்டும். கையோடு இரண்டாவது வழி ஒன்றையும் சேர்த்துவிடலாம்: யு.எஸ்.பி. வடிவில் வரும் பாதுகாப்புச் சாவியோ, நிறுவனம் அனுமதித்தால் வேறொரு கருவியோ. எஸ்.எம்.எஸ். இருக்கட்டும், ஆனால் அதே போனில், அதே சிம்மில் இருக்கும் வழி, போனும் சிம்மும் சேர்ந்து மாறும் நாளில் கைகொடுக்காது என்பதைக் கோவை ஊழியர் பார்த்துவிட்டார்.

அழைக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

- அலுவலக உள்நுழைவு முகவரி, ஊழியர் எண், புகைப்பட அடையாள அட்டை
- உடனே பேசக் கிடைக்கும் மேலாளர்
- பழைய போன் இருக்கும் நிலை: கையில் இருக்கிறதா, அழித்துக் கொடுத்ததா, தொலைந்ததா, எந்த நாளில்
- சிம்மோ எண்ணோ அண்மையில் மாறியிருந்தால் அந்த விவரம்
- புது போனின் மாதிரி, இயங்குதளப் பதிப்பு
- பிழைத் திரையின் முழுப்படம். எண்ணும் நேரமும் தெரியும்படி
- இப்போது இருக்கும் இடமும் பயன்படுத்தும் கணினியும்

அடுத்த முறை போன் மாற்றும்போது இதில் எதுவும் தேவைப்படாமல் செய்யலாம். பழைய போனைக் கடைக்குக் கொண்டுபோகும் முன், இரண்டு போன்களும் கையில் இருக்கும்போதே புதியதைச் சேர்த்து, புதியதில் ஒப்புதல் கொடுத்து உள்நுழைந்து பார்த்து, பிறகு பழையதன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கி, கடைசியாக அதை அழிக்க வேண்டும். மாற்றுப் பொருளுக்கான தள்ளுபடி கடைசி நாள் என்று அவசரப்பட்டாலும் இந்த வரிசையை மட்டும் மாற்றக் கூடாது. அழிப்பது முதலில் வந்தால் மற்ற மூன்றையும் ஐ.டி. பிரிவின் வழியாகத்தான் செய்ய வேண்டியிருக்கும்.